பன்னிரண்டு முகங்களுக்குப் பன்னிரண்டு மாஸ்க்

2025 மார்ச் 25 அன்று ஓபன்ஏஐ நிறுவனம் தன் சாட்ஜிபிடியில் படம் வரையும் புதிய வசதியைத் திறந்துவிட்டது. அடுத்த சில நாட்களில் வாட்ஸ்அப் முகப்புப் படங்கள் எல்லாம் ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோ பாணிக்கு மாறிப்போயின. ஒருவரோ இருவரோ இருந்த படங்கள் பெரும்பாலும் நன்றாகவே வந்தன. குடும்பப் படங்களில்தான் வம்பு. பெரியப்பாவின் மீசை மெலிந்தது. பாட்டியின் மூக்குத்தி காணாமல் போனது. பின்வரிசையில் நின்றவர்கள் இடம் மாறினார்கள், அல்லது அக்கா, தங்கை, அண்ணி மூவருக்கும் ஒரே முகம் வாய்த்தது. சில படங்களில் தலைக்கணக்கே உதைத்தது.

அந்த வகைக் கருவி நாம் கொடுக்கும் போட்டோவின் மேல் வரைவதில்லை. போட்டோவைப் பார்த்துப் புரிந்துகொண்டு, புதிதாக இன்னொரு படத்தை வரைகிறது. ‘மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெரியம்மா, இடப்பக்கம்’ என்பது அதற்குப் போதும். நமக்குப் போதாது. நமக்கு வேண்டியது நம் பெரியம்மா.

இதற்கு முன்பும் போட்டோவை ஓவியமாக்கும் செயலிகள் இருந்தன. 2016இல் உலகமெங்கும் பரவிய பிரிஸ்மாவைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2015இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் லியோன் கேட்டிஸ் குழுவினர் செய்த ஆராய்ச்சியின் வழிவந்தது அது. போட்டோவின் உருவங்களை அப்படியே வைத்துக்கொண்டு, மேற்பரப்பில் மட்டும் தூரிகைத் தடங்களையும் நிறங்களையும் பூசும். யாரும் இடம் மாறவில்லை, முகமும் பெரிதாகக் கெடவில்லை. ஆனால் பார்த்தவுடன் ‘போட்டோ மேல் ஏதோ பூசியிருக்கிறார்கள்’ என்று தெரிந்துவிடும். ஓவியர் எந்தக் கோட்டை வரைய வேண்டும், எதை விட வேண்டும் என்று முடிவெடுப்பாரே, அந்த முடிவு அதில் இருக்காது.

இன்று வேண்டுவது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. கை ஓவியம் போலவே இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொருவரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், முகஜாடை மாறக்கூடாது. கணினியில் ஸ்டேபிள் டிப்யூஷன் போன்ற திறந்த மாதிரிகளை நிறுவிப் பழகியவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். படத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி மாஸ்க் போட்டு வேலை செய்வதே அது. மாஸ்க் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. போட்டோவின் அதே அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை இருக்கும் இடத்தில் மாற்றம் நடக்கும், கறுப்பு இருக்கும் இடம் தொடப்படாது, சாம்பல் இருக்கும் இடத்தில் அரைகுறையாக நடக்கும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்க்ரீன் பிரிண்டிங் கடையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் இருப்பது போல, இங்கே ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மாஸ்க்.

அது ஏன் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, முகம் எங்கே கெடுகிறது என்று பார்க்க வேண்டும்.

அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர். முன்வரிசையில் நாற்காலிகளில் நான்கு பேர், அவர்களில் ஒருவர் மடியில் ஒரு குழந்தை, பின்னால் ஏழு பேர் நிற்கிறார்கள். கேமராவில் எடுத்த படம் 6000க்கு 4000 பிக்சல். பின்வரிசையில் ஒரு முகத்தின் அகலம் ஏறக்குறைய 280 பிக்சல். அச்சடித்தால் இமை முடிகூடத் தெரியும்.

ஆனால் எஸ்டிஎக்ஸ்எல் போன்ற மாதிரி இவ்வளவு பெரிய படத்தில் வேலை செய்யாது. அது பழகியதெல்லாம் சுமார் பத்து லட்சம் பிக்சல் உள்ள படங்களில்தான். ஆகவே நம் படத்தை 1248க்கு 832 என்று சுருக்க வேண்டும். 280 பிக்சல் முகம் 58 பிக்சலாகிவிடும். கதை அதோடு முடியவில்லை. இந்த மாதிரிகள் பிக்சல்களில் நேரடியாக வரைவதில்லை. படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய ஓர் உள்வடிவத்தில்தான் வரைகின்றன. 58 பிக்சல் முகம் அங்கே ஏழே கட்டங்கள் அகலம். முகத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு கண் என்றால், அந்தக் கண்ணுக்குக் கிடைப்பது ஒன்றரைக் கட்டம். ஒன்றரைக் கட்டத்தில் கண் என்று ஒன்றை வைக்கலாம். யாருடைய கண் என்று வைக்க முடியாது. அங்கே மாதிரி தனக்குப் பழக்கமான பொதுக் கண் ஒன்றைப் பதித்துவிட்டுப் போய்விடுகிறது. பின்வரிசையில் எல்லோரும் உடன்பிறந்தவர்கள் போல் ஆவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான்.

மீதிப் பாதி, வார்த்தைகள் சிந்துவது. ‘கண்ணாடி போட்ட பாட்டி’ என்று எழுதிக் கொடுத்தால், படத்தின் ஒவ்வொரு கட்டமும் அந்த வார்த்தைகளைக் கேட்கிறது. பாட்டிக்கு மட்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லையே! மருமகனுக்கும் கண்ணாடி வரும், மருமகனின் தாடி பக்கத்தில் நிற்கும் பையனுக்கு ஒட்டும். சொற்களுக்குப் பதில் ஒருவரின் முகத்தையே மாதிரியாகக் காட்டினால் இன்னும் மோசம். அந்த முகம் படம் முழுக்கப் பரவி, பன்னிரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்காகும்.

இதோடு பாணிக்கும் ஜாடைக்கும் நடக்கும் இழுபறி வேறு. இந்த மாதிரிகள் போட்டோவின் மேல் புள்ளி புள்ளியாக இரைச்சலைத் தூவி, அந்த இரைச்சலை நீக்கிக்கொண்டே வரும்போது புதுப் படத்தை உருவாக்குகின்றன. எவ்வளவு இரைச்சல் என்பதைக் குறிக்கும் எண் திரையில் `denoise` என்று இருக்கும். பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை. 0.3 வைத்தால் ஆள் அப்படியே இருப்பார், ஆனால் படம் போட்டோவாகவே தெரியும். 0.7 வைத்தால் ஓவியம் அருமையாக இருக்கும், ஆள் வேறு. முழுப் படத்துக்கும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இரண்டையும் பெற வழியில்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் 0.45, 0.5 என்று இந்த எண்ணை உருட்டிக்கொண்டே பொழுதைப் போக்குவார்கள். எண்ணில் கோளாறு இல்லை. புடவைக்கும் சுவருக்கும் ஓர் எண், முகத்துக்கு வேறோர் எண் என்று பிரிக்காததுதான் கோளாறு.

பிரிப்பதற்கு முதல் வேலை பன்னிரண்டு மாஸ்க். முன்பெல்லாம் இதைச் சுட்டெலியால் வரைய வேண்டியிருந்தது. 2023 ஏப்ரலில் மெட்டா நிறுவனம் வெளியிட்ட ‘செக்மென்ட் எனிதிங்’ என்ற மாதிரி வந்தபின், ஆளின் மேல் ஒரு சொடுக்கு போதும். உருவத்தின் ஓரத்தைக் கண்டுபிடித்து வெட்டிக் கொடுத்துவிடும். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. ஒரே நிறப் பட்டுப்புடவை கட்டி ஒட்டி நிற்கும் இருவரை அது ஒருவராக எடுத்துவிடும். தோளில் கிடக்கும் கை யாருடையது என்பதிலும் தடுமாறும். தாத்தாவின் தோளில் பேத்தி கைபோட்டிருந்தால், அந்தக் கை பேத்தியின் மாஸ்க்கில் இருக்க வேண்டும், தாத்தாவின் மாஸ்க்கிலிருந்து கழிக்கப்பட வேண்டும். மடியில் இருக்கும் குழந்தைக்கும் அதே விதிதான். முன்னால் இருப்பவரின் உருவத்தை, பின்னால் இருப்பவரின் மாஸ்க்கிலிருந்து வெட்டிவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் தாத்தாவுக்கு மூன்றாவது கை முளைக்கும், அல்லது குழந்தையின் கால் வேட்டி மடிப்பாக மாறிவிடும்.

மாஸ்க்கின் ஓரத்தைக் கத்தி போல் கூர்மையாக விடக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு மங்கலாக்குவது என்பதைத்தான் சொல்ல மாட்டார்கள். உள்வடிவத்தில் ஒரு கட்டம் எட்டு பிக்சல் என்று பார்த்தோம். ஓரத்தை மூன்று பிக்சலுக்கு மங்கலாக்கினால் அது ஒரு கட்டத்துக்குள்ளேயே கரைந்துபோகும். மாதிரிக்கு அது கூர்மையான ஓரமாகவே தெரியும். வேலை நடக்கும் அளவில் குறைந்தது 16 பிக்சல், அதாவது இரண்டு கட்டம், மங்கலாக்கினால்தான் பலன் தெரியும். இதே காரணத்தால், காதோரத்து ஒற்றை முடியைச் சுற்றி மாஸ்க் வெட்டுவது வீண் உழைப்பு. அவ்வளவு நுணுக்கத்தை மாதிரி பார்ப்பதே இல்லை.

மாஸ்க்குகள் தயாரானதும் முழுப் படத்துக்கு ஒரு சுற்று. இந்தச் சுற்றில் ஜாடையைப் பற்றிக் கவலை வேண்டாம். பாணியும் இடமும் மட்டும் சரியாக வந்தால் போதும். `denoise` 0.6 அளவுக்குத் துணிந்து வைக்கலாம், ஏனென்றால் ஆட்களை இடத்தில் பிடித்து வைக்க வேறொன்று இருக்கிறது. அதுதான் கன்ட்ரோல்நெட். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2023 பிப்ரவரியில் வெளியிட்டது. அந்த ஆண்டு கணினிப் பார்வைத் துறையின் பெரிய மாநாடுகளில் ஒன்றான ஐசிசிவியில் சிறந்த ஆய்வுக்கான பரிசும் பெற்றது. மூலப் படத்திலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து, ‘இதை மீறாதே’ என்று மாதிரிக்குக் கட்டளையிடுவது அதன் வேலை.

எந்த வரைபடம் என்பதில் கவனம் தேவை. கை கால் எலும்புகளைக் கோடாகக் காட்டும் வகை, தனி ஆள் நடனப் படத்துக்குப் பொருந்தும். பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து நிற்கும் படத்தில் யார் முழங்கை யாருக்கு என்று குழம்பிவிடும். யார் முன்னால், யார் பின்னால் என்பதைச் சாம்பல் நிறங்களில் காட்டும் ஆழ வரைபடம் இங்கே நம்பகமானது. அதோடு கோட்டு வரைபடத்தையும் சேர்த்தால் புடவை மடிப்பும் மாலையும் இடம் பிசகாது. ஆனால் கோட்டு வரைபடத்தின் பிடி முழு அளவில் இருந்தால், போட்டோவை டிரேசிங் தாளில் வைத்து இழுத்தது போல் ஆகிவிடும். பாதிக்குச் சற்று மேல், 0.5இலிருந்து 0.7க்குள் வைப்பது பழக்கம்.

ஆள்வாரியான மாஸ்க்குகளை இந்தச் சுற்றிலேயே கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளலாம். பாட்டியின் பகுதிக்கு மட்டும் ‘வெள்ளைத் தலைமுடி, மூக்குக் கண்ணாடி, மூக்குத்தி’, அப்பாவின் பகுதிக்கு மட்டும் ‘அடர்ந்த மீசை, நெற்றியில் விபூதி’. அடையாளம் தனித்துத் தெரியும் நாலைந்து பேருக்குச் செய்தால் போதும். பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தனி வார்த்தைகளும் தனி முக மாதிரியும் கொடுத்தால் கணினியும் திணறும், படமும் ஒட்டுத்துணி போல ஆளுக்கொரு பாணியில் வரும். இந்தத் துறையில் ‘எல்லாம் ஒரே சொடுக்கில்’ என்று விற்பவர்கள் நழுவிச் செல்லும் இடம் இதுதான்.

முதல் சுற்று முடிந்ததும் கையில் இருப்பது, எல்லோரும் சரியான இடத்தில், அழகான நீர்வண்ணத்தில், யாரென்று தெரியாத முகங்களோடு நிற்கும் ஒரு படம். அதை இரண்டு மடங்கு பெரிதாக்க வேண்டும்: 2496க்கு 1664. பின்வரிசை முகம் இப்போது 116 பிக்சல்.

இனி முகங்கள், ஒவ்வொன்றாக. முகத்தைச் சுற்றி இரு மடங்கு அகலத்தில், அதாவது 232 பிக்சலுக்கு, ஒரு சதுரத்தை வெட்டி எடுத்து அதை மட்டும் 768 பிக்சலாகப் பெரிதாக்கி மாதிரியிடம் கொடுக்க வேண்டும். ஏழு கட்டத்தில் கிடந்த முகத்துக்கு இப்போது 48 கட்டம் இடம். ஒன்றரைக் கட்டக் கண், ஒன்பது பத்துக் கட்டமாகிறது. வடிவக் கோட்டை முதல் சுற்றின் படத்திலிருந்து எடுக்கக்கூடாது. மூலப் போட்டோவின் அதே சதுரத்திலிருந்து எடுக்க வேண்டும். ஜாடைக்கு அந்த நபரின் முகத்தையே மாதிரியாகக் காட்ட வேண்டும். சீனாவின் டென்சென்ட் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ஐபி-அடாப்டர் இதற்குத்தான். அதன் முகத்துக்கான வடிவங்கள், ஒரு முகத்தை எண்களின் வரிசையாக மாற்றி, அந்த அடையாளத்தை ஓவியத்துக்குள் செலுத்துகின்றன. மாஸ்க் அந்த ஒரு முகத்தை மட்டும் திறந்துவைப்பதால், சதுரத்துக்குள் எட்டிப்பார்க்கும் பக்கத்து ஆளின் காதும் தோளும் தப்பிக்கின்றன. `denoise` இங்கே 0.35இலிருந்து 0.45 வரை. அதற்கு மேல் போனால் ஆள் மறுபடி நழுவுவார்.

இந்த இடத்தில் பலரும் ஒரு சிக்கலில் மாட்டுகிறார்கள். முகங்கள் நன்றாக வந்திருக்கும்; ஆனால் படத்தோடு ஒட்டாது, வெட்டி ஒட்டியது போல் தெரியும். நிறத்தைத் திருத்துவார்கள், ஓரத்தை மங்கலாக்குவார்கள், சரியாகாது. கோளாறு கோட்டின் தடிமனில் இருக்கிறது. 768 பிக்சலில் வரைந்த முகத்தை 232க்குச் சுருக்கும்போது, அதில் மூன்று பிக்சல் தடிமனாக இருந்த கோடு ஒரு பிக்சல் ஆகிவிடுகிறது. பக்கத்தில் புடவையின் கோடோ அதைவிடத் தடிமனாகவே நிற்கிறது. கண் இதைப் பெயர் சொல்லத் தெரியாமலே கண்டுபிடித்துவிடும். முகத்தை எவ்வளவு பெரிதாக்கி வரைகிறோமோ அவ்வளவு மோசம். இந்த வித்தியாசத்தை, முகச் சுற்றில் ‘தடித்த மைக்கோடு’ என்று சேர்த்து எழுதி ஓரளவு ஈடுகட்டலாம்.

பாணியைத் தேர்ந்தெடுப்பதிலும் பாதி வெற்றி இருக்கிறது. பென்சில், நீர்வண்ணம், எண்ணெய் வண்ணம் ஆகியவை முகத்தின் அளவுகளை மாற்றுவதில்லை. அதனால் ஜாடை நிற்கும். பெரிய கண், புள்ளி மூக்கு என்று வரையும் அனிமே பாணியில், ஒருவரை ஒருவராகக் காட்டும் மூக்கின் வடிவமே துடைக்கப்படுகிறது. அங்கே எந்த மாஸ்க்கும் உதவாது. தஞ்சாவூர் ஓவியப் பாணியைக் கேட்பவர்களும் உண்டு. உருண்டைக் கன்னம், பாதாம் கண், கொழுகொழு மேனி என்பது அந்த மரபின் இலக்கணம். அந்த இலக்கணத்துக்குள் ஒல்லியான சித்தப்பாவைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். கட்டாயம் வேண்டும் என்றால் மண்டபம், தங்க வேலை, நகை எல்லாவற்றையும் தஞ்சாவூர் பாணியில் வைத்துக்கொண்டு, முகங்களுக்கு மட்டும் மென்மையான எண்ணெய் வண்ணத்தைக் கொடுப்பது ஒரு சமரசம். மாஸ்க் கையில் இருப்பதால் அது முடியும்.

நிறம் தனிக் கதை. இந்த மாதிரிகள் கறுத்த தோலை வெளுக்க வைப்பதை நம்மவர் படங்களில் அடிக்கடி பார்க்கலாம், ‘அழகான’ என்ற சொல் கட்டளையில் இருந்தால் இன்னும் கூடுதலாக. முகங்கள் எல்லாம் முடிந்தபின், மூலப் போட்டோவை ஓவியத்தின் மேல் ஓர் அடுக்காக வைத்து, அந்த அடுக்கை ‘நிறம் மட்டும்’ என்ற கலப்பு முறைக்கு மாற்றி, தோல் பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டுப் பாதி அளவுக்குத் தெரியவிட்டால் சாயல் திரும்பிவிடும். வெளிச்சத்தின் அளவு அதில் மாறாது என்பதால், வெளுத்திருந்தால் அதையும் கொஞ்சம் இறக்க வேண்டும். கன்னத்தில் ஒரு புள்ளியை இரண்டு படத்திலும் நிறம் எடுக்கும் கருவியால் தொட்டுப் பார்த்தாலே எவ்வளவு என்று தெரியும். பொட்டு, விபூதி, மூக்குத்தி போன்ற சின்னச் சின்ன அடையாளங்களையும் இந்தக் கட்டத்தில் கையால் வரைந்து சேர்ப்பதுதான் சுலபம். மூக்குத்திக்காக மாதிரியோடு மல்லுக்கட்டுவது நேர விரயம்.

குழந்தை முகம்தான் கடைசிவரை தொல்லை கொடுக்கும். முகத்தை எண்ணாக மாற்றும் கருவிகள் பெரும்பாலும் பெரியவர்களின் முகங்களில் பழகியவை. கைக்குழந்தைக்குப் பல் முளைத்த சிரிப்பைக் கொடுத்துவிடும். பக்கவாட்டில் திரும்பியவர், கண் மூடியவர், கறுப்புக் கண்ணாடி போட்டவர் ஆகியோருக்கும் அந்த எண்களை நம்ப முடியாது. இவர்களுக்கு முக மாதிரியை அறவே விட்டுவிட்டு, கோட்டு வரைபடத்தின் பிடியைக் கூட்டி, `denoise` எண்ணை 0.3க்கு இறக்குவது நல்லது. பாணி கொஞ்சம் குறையும், குழந்தை குழந்தையாக இருக்கும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முதலில் தலைகளை எண்ண வேண்டும், பிறகு கைகளை. அடுத்து மூலப் போட்டோவையும் ஓவியத்தையும் ஒரே அளவில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலடுக்கை அணைத்தும் ஏற்றியும் பார்க்க வேண்டும். கண்கள் இடம் விட்டுக் குதித்தால் அந்த முகத்தை மறுபடி செய்ய வேண்டும். ஜாடைக்குக் கணினி மதிப்பெண் கொடுக்கும் வழிகள் உண்டு. ஆனால் அவை போட்டோ முகங்களுக்காகச் செய்யப்பட்டவை, ஓவிய முகத்தில் தடுமாறும். உடையும் இடமும் தெரியாமல் முகங்களை மட்டும் வெட்டி, அந்தக் குடும்பத்தைத் தெரிந்த, ஆனால் இந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவரிடம் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வதே நம்பகமான சோதனை. செய்தவர் கண் பழகிப்போயிருக்கும். அவர் தீர்ப்பு செல்லாது.

வேலை முடிந்ததும் பன்னிரண்டு மாஸ்க் கோப்புகளையும் ஆளுக்கொரு பெயர் வைத்துச் சேமித்துவைக்க வேண்டும். அடுத்த முறை அதே படத்தைப் பென்சில் ஓவியமாகக் கேட்டால் பாதி வேலை மிச்சம். காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்ய நினைக்கும் ஸ்டூடியோக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐபி-அடாப்டரின் முகத்துக்கான சில வடிவங்களும் அவை போன்ற வேறு பல கருவிகளும் பின்னணியில் பயன்படுத்துவது இன்சைட்ஃபேஸ் என்ற திட்டத்தின் முக மாதிரிகளை. அதன் நிரலை யாரும் எடுத்தாளலாம். ஆனால் அவர்கள் பழக்கி வெளியிட்ட முக மாதிரிகள் வணிகமல்லாத ஆராய்ச்சிக்கு மட்டும் என்று உரிமத்தில் எழுதியிருக்கிறது. வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்குவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.